நகை தொலைகிற கனவும் புதையல் கிடைக்கிற கனவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மனநல ஆலோசகர். கடன், வட்டி, அடகு என்று பணத்தால் தூக்கம் கெட்டவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். வந்தவுடன் யாரும் கடனைச் சொல்வதில்லை, முதலில் கனவைத்தான் சொல்கிறார்கள். கழுத்துச் செயின் கிணற்றில் விழுந்தது, வளையல் பஸ்ஸில் போனது, பாட்டி வீட்டு அடுப்படியில் காசுக் குடம் கிடைத்தது என்று தொடங்குவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். இடையில் வரும் இருவரின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

விடியக்காலையில கண்ட கனவு பலிக்கும்னு எங்க வீட்டுல சொல்றாங்க. நகை தொலைஞ்ச மாதிரி கண்டேன். நிஜமாவே தொலைஞ்சிடுமா?

தொலையாது. விடியற்காலைக் கனவுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கிறது. தெளிவான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் கண்கள் வேகமாக அசையும் ஒரு தூக்க நிலையில்தான் வருகின்றன. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கண்டறிந்து சொன்ன விஷயம் இது; ரெம் தூக்கம் என்பார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இது வந்து போகும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும், விடியும் நேரத்தில் நீண்டுவிடும். அதனால் விடியற்காலையில்தான் கனவு நீளமாக வருகிறது. அதிலிருந்து நேராக விழித்துக்கொள்வதால் நினைவிலும் நிற்கிறது. நள்ளிரவில் கண்டது காலைக்குள் கரைந்துவிடுகிறது. நினைவில் நின்ற கனவைத்தானே நாம் "பலித்தது, பலிக்கவில்லை" என்று கணக்குப் பார்க்க முடியும்?

அதற்காகக் கனவு வெறும் குப்பை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கான கனவுகளைத் தொகுத்துப் படித்த அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால், பகலில் மனம் எதைச் சுற்றுகிறதோ அதையேதான் இரவிலும் சுற்றுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். என் அனுபவமும் அதுதான். நடக்கப்போவதைக் கனவு சொல்வதில்லை. நடந்துகொண்டிருப்பதில் நாம் பார்க்காமல் ஒதுக்கிவைத்ததைத் திரும்ப எடுத்து முன்னால் வைக்கிறது.

கண்ணகி கண்ட கனவு பலிச்சுதே?

இதைக் கேட்பவர்களிடம் அந்தக் காதையை இன்னொருமுறை படிக்கச் சொல்வேன். சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். சொல்லி முடித்த சற்று நேரத்தில் கோவலன் வீடு திரும்பி, குலத்தார் தேடித் தந்த மலை போன்ற செல்வத்தைத் தொலைத்துவிட்டேன், இந்த வறுமை வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். ஒரே காதையில் கெட்ட கனவு, காலியான வீடு, மிச்சமிருந்த கடைசி நகை மூன்றையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் இளங்கோ. கணவன் போன இடம் தெரிந்தவள், செல்வம் கரைந்ததை நாள்தோறும் வீட்டுக்குள் இருந்து பார்த்தவள் அவள். அந்த நிலையில் எந்தப் பெண்ணுக்கும் நல்ல கனவு வந்திருக்காது. பலித்தது கதையின் போக்கு. கனவு வந்த காரணம் அந்த வீட்டில் இருந்தது.

கனவுல தாலி அறுந்து விழுந்துச்சு. அவருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. மஞ்சள் கயிறு மாத்தட்டுமா?

மாற்றினால் மனசுக்கு நிம்மதி என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. கணவர் உயிருக்கும் இந்தக் கனவுக்கும் தொடர்பில்லை. ஆனால் கயிறு மாற்றியதோடு விஷயம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். தாலிக்கொடி என்பது மூன்று, ஐந்து, ஏழு பவுன் தங்கமும்கூட. பல வீடுகளில் ஆபத்துக்கு உதவும் பெரிய தொகை அது ஒன்றுதான். கழுத்தில் இருப்பதால் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கை தானாக அதைத் தொடும். பணக் கவலை கனவில் உருவம் எடுக்கும்போது நோட்டுக்கட்டாக வராமல் நகையாக வருவது ஏன் என்றும் பலர் கேட்கிறார்கள். காரணம் இதுதான். பேங்கில் இருக்கும் பணத்தை உடம்பு அறியாது, நகையின் கனத்தை அறியும்.

செயின் கிணத்துல விழற மாதிரி அடிக்கடி கனவு. அந்தச் செயின் இப்போ அடகுலதான் இருக்கு. அதனாலதானா?

பெரும்பாலும் அதனால்தான். ஆனால் "அடகில் இருக்கிறது, அதனால் பயம்" என்பதோடு நிறுத்தினால் பாதிதான் புரியும். எனக்கு இதைப் புரியவைத்தவர் கொங்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வயது நாற்பத்து மூன்று. 2025 மே மாதம் வந்தார். துணி துவைக்கும் கல்லில் குனிகிறார், கழுத்திலிருந்து செயின் நழுவிக் கிணற்றில் விழுகிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, எட்டிப் பார்த்தால் கலங்கிவிடுகிறது. பின்னாலிருந்து மாமியார் குரல்: "தண்ணி எறச்சாச்சா?" அந்தக் குரலில்தான் திடுக்கிட்டு விழிப்பார். செயின் விழும்போது விழிப்பதில்லை, குரல் கேட்டவுடன்தான் விழிப்பு வருகிறது. இதைச் சொல்லும்போதே கழுத்தைச் சுற்றியிருந்த சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே இருந்தது கவரிங் செயின். கொக்கிக்குப் பக்கத்தில் முலாம் போய்க் கறுத்திருந்தது. அசலைப் போலவே டிசைன் பார்த்து வாங்கியது.

அசல் ஐந்து பவுன், 40 கிராம். 2022 ஜூனில் மகனின் காலேஜ் அட்மிஷனுக்காக ஒரு ஃபைனான்ஸில் வைத்தார். அன்றைக்கு 22 காரட் கிராம் 4,750 ரூபாயை ஒட்டி இருந்தது. நகையின் மதிப்பு 1,90,000, அதில் 1,40,000 கடன், வருடத்துக்கு 12 சதவீத வட்டி. ஒரு வருடம் முடிந்தால் வட்டி 16,800 கட்டி மாற்றி வைக்க வேண்டும். 2023-ல் கட்டினார், 2024-லும் கட்டினார். 2025 ஜூனில் மூன்றாவது முறை. அதையும் கட்டினால் மொத்த வட்டி 50,400 ஆகும், அசல் அதே 1,40,000-ல் நிற்கும். கணவருக்கும் மாமியாருக்கும் இதில் எதுவும் தெரியாது. ஃபீஸுக்குத் தன் தம்பி கொடுத்தான் என்று சொல்லிவைத்திருந்தார்.

கனவு எப்போதெல்லாம் வந்தது என்று காலண்டரை வைத்துப் பார்த்தோம். அவர் தேதி எழுதிவைத்தவர் இல்லை. ஆனால் நினைவுபடுத்திப் பார்க்கையில் ஒவ்வொரு வருடமும் கோடையில்தான், கோயில் திருவிழா முடிந்த பிறகு என்றார். கெடு ஜூன் 14. மே மாதமே ஃபைனான்ஸிலிருந்து எஸ்எம்எஸ் வரத் தொடங்கும். வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாதென்று வந்தவுடன் அழித்துவிடுவார். அழித்தது போனிலிருந்து போனது, மனதிலிருந்து போகவில்லை.

நகையின் மதிப்பைப் பார்த்தால் அவருக்குப் பயம் தேவையே இல்லை. அப்போது தங்கம் கிராம் 9,000-ஐ ஒட்டி இருந்தது. அந்தச் செயின் ஏறக்குறைய 3,60,000 பெறும், கடன் அதில் பாதிக்கும் கீழே. இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் முகத்தில் மாற்றமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செயின் போய்விடுமோ என்பது அவர் பயமில்லை. "எங்கே செயின்?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான் பயம். கனவில் மாமியாரின் குரல் அதற்குத்தான் வந்தது.

அதற்குப் பிறகு செய்தவை இரண்டு. முதலாவது கணவரிடம் சொன்னது. எப்படிச் சொல்வதென்று என்னோடு இருமுறை ஒத்திகை பார்த்தார். அழுகையும் மன்னிப்பும் முதலில் வராமல், அடகுச் சீட்டை மேசையில் வைத்துத் தேதியையும் தொகையையும் சொல்லித் தொடங்குவது என்று முடிவு செய்தோம். கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் "எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்று கேட்டார். இரண்டாவது, கடனைக் கட்டும் முறையை மாற்றியது. ஜூனில் வட்டியைக் கட்டி மாற்றி வைத்ததோடு, இனி மாதாமாதம் கொஞ்சம் கட்டலாமா என்று ஃபைனான்ஸில் கேட்டார்கள், ஒப்புக்கொண்டார்கள். மாதம் 5,000. முதல் மாதம் அதில் வட்டிக்கு 1,400 போகும், அசலில் 3,600 குறையும். அடுத்த மாதம் வட்டி இன்னும் கொஞ்சம் குறையும். இப்படியே போனால் 33 மாதத்தில் செயின் கைக்கு வந்துவிடும், மொத்த வட்டி 25,000-ஐ ஒட்டி வரும். மூன்று வருடத்தில் 50,400 வட்டி கட்டியும் ஒரு ரூபாய்கூட அசல் குறையாததை இதோடு வைத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை வட்டி மட்டும் கட்டி மாற்றி வைப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. அந்தத் தேதியைத் தாண்டினால் போதும் என்ற அவசரத்தில்தான் அங்கே போய் நிற்கிறார்கள்.

கனவு உடனே நிற்கவில்லை. அந்த ஜூனிலும் இரண்டு முறை வந்தது. ஆனால் விழித்த பிறகு விடியும்வரை உட்கார்ந்திருந்தவர், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தூங்க முடிந்தது என்றார்.

ஏலத்துக்குப் போயிடுமோங்கிற பயத்துல ராத்திரி முழிப்பு வருது. திடீர்னு ஏலம் விட்டுடுவாங்களா?

பேங்க், கூட்டுறவு வங்கி, பதிவு பெற்ற ஃபைனான்ஸ் கம்பெனி என்றால் சொல்லாமல் ஏலம் விட முடியாது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கான புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் அவற்றுக்கு மாறியாக வேண்டும் என்று கெடுவும் வைத்தது. அதன்படி ஏலத்துக்கு முன் உங்களுக்கு முறையாக நோட்டீஸ் தர வேண்டும். ஏலத்தின் ஆரம்ப விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இரண்டு ஏலம் தோற்றால் மட்டும் 85 வரை இறக்கலாம். கடன்போக மிச்சம் வந்தால் அது உங்கள் பணம், உங்களிடம் வந்து சேர வேண்டும். முழுக் கடனையும் கட்டிவிட்டால் அன்றைக்கே, அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு.

தெருமுனை அடகுக் கடைக்கு இந்த விதிகள் பொருந்தாது. அங்கே வைத்திருந்தால் சீட்டு கையில் இருக்கிறதா, அதில் எடை, தொகை, வட்டி, கெடு நான்கும் எழுதியிருக்கிறதா என்று நாளைக் காலையே எடுத்துப் பாருங்கள். இரவில் விழிப்பு வருகிறவர்களிடம் "கெடு என்றைக்கு?" என்று கேட்டால் பலருக்குத் தேதி தெரிவதில்லை. தேதி தெரியாதவருக்கு ஒவ்வொரு இரவும் கெடுவுக்கு முந்தைய இரவாகத்தான் இருக்கும். சீட்டைப் பார்த்துத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்ததிலேயே தூக்கம் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் எதையும் அடகு வைக்கல, கடனும் இல்ல. எனக்கும் வருதே?

வரும். பகலில் யாருக்கோ செயின் பறிப்பு நடந்த செய்தி கேட்டிருப்பீர்கள். மகளுக்குக் கல்யாண வயது நெருங்குகிறது, பவுன் விலை ஏறிக்கொண்டே போகிறது. அம்மாவின் நகையைப் பிரித்துக்கொள்வதில் அக்கா தங்கைக்குள் மனத்தாங்கல் இருக்கலாம். இன்னும் எளிய காரணமும் உண்டு: நகை நிஜமாகவே சரியாக இல்லாமல் இருக்கலாம். கொக்கி தேய்ந்தது, திருகாணி லூஸானது கைக்குத் தெரிந்திருக்கும், நாம் கவனிக்கத் தவறியிருப்போம். கனவு வந்த மறுநாள் காலையில் கொக்கியைப் பார்ப்பதில் தவறே இல்லை. தேய்ந்திருந்தால் ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்குங்கள்.

எனக்குப் புதையல் கிடைக்கிற கனவு. யோகம்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் எழுந்தா மனசு பாரமா இருக்கு?

எழுந்தபோது மனசு எப்படி இருந்தது என்பதுதான் கனவில் முக்கியமான தடயம், நீங்கள் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். புதையல் கனவைச் சொல்பவர்களிடம் "எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்பார்கள். குடம் தூக்க முடியாத கனம், பாம்பு சுற்றியிருக்கிறது, தொட்டவுடன் கரியாகிவிட்டது, யாரோ எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஏதோ ஒரு தடை இருக்கும். புதையலைப் பூதம் காக்கும், விதியில்லாதவன் எடுத்தால் கரியாகும் என்று சிறு வயதில் கேட்ட கதைகள் அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. உழைத்து அடைக்க முடியாது என்று மனம் முடிவுகட்டிவிட்ட கடனுக்கு மண்ணுக்கு அடியிலிருந்து வழி தேடுகிறது, அங்கேயும் கிடைக்காது என்றும் அதற்கே தெரிந்திருக்கிறது. எழுந்த பிறகு இருக்கும் பாரம் அதுதான்.

விசைத்தறி வைத்திருந்த ஒரு தம்பிக்கு வந்த கனவு வேறு மாதிரி. பாட்டி வீட்டு அடுப்படியில் செப்புக் குடம், நிறையக் காசு. உட்கார்ந்து எண்ணத் தொடங்குவார், முப்பது நாற்பதில் எண்ணிக்கை தப்பிவிடும். மறுபடி முதலிலிருந்து. எண்ணி முடிப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். "மொத்தம் எவ்வளவு கடன் தம்பி?" என்று கேட்டேன். "ஒரு பத்து லட்சம் இருக்குங்க" என்றார். பேப்பரில் எழுதச் சொன்னேன். பேங்க் 1,80,000. இரண்டு நகைக்கடன் சேர்த்து 95,000. மச்சானிடம் 75,000. எடுத்துவிட்ட சீட்டில் இன்னும் கட்ட வேண்டியது 60,000. ஐந்து வட்டிக்கு வாங்கியது 40,000. கூட்டினால் 4,50,000. மூன்று வருடமாக அவர் இதை ஒருமுறைகூடக் கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டினால் பயமாக இருக்கும் என்று விட்டுவிட்டார். விட்டதால் அது மனதுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்திருந்தது.

எல்லோருக்கும் இப்படிக் குறைவாக வரும் என்று சொல்லமாட்டேன், அதிகமாக வந்தவர்களும் உண்டு. ஆனால் எழுதிய பிறகுதான் எதை முதலில் அடைப்பது என்று தெரியும். ஐந்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய், வருடத்துக்கு 60 சதவீதம். பட்டியலில் சிறிய தொகையான அந்த 40,000-க்கு மாதம் 2,000 போய்க்கொண்டிருந்தது. அவர் பழைய தறி ஒன்றை விற்று அதை முதலில் அடைத்தார். பிறகு மாதாமாதம் மிஞ்சிய 2,000 நகைக்கடனுக்குப் போனது. மிரட்டி வசூலிக்கும் கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து தடைச் சட்டம் இருக்கிறது. அடைத்த பிறகும் தொல்லை தந்தால் போலீஸில் புகார் கொடுக்கலாம் என்றும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஒருத்தர் எங்க வீட்டுக் கனவைக் கேட்டுட்டு, வடகிழக்கு மூலையில புதையல் இருக்கு, பூஜை பண்ணி எடுக்கலாம்ங்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். அவரை வீட்டுக்குள் விடவும் வேண்டாம். முதலில் பூஜைச் சாமானுக்குச் சில ஆயிரம் கேட்பார்கள். பிறகு "தடை இருக்கிறது" என்று பெரிய பூஜை, பிறகு வீட்டு நகையைக் கலசத்தில் போட்டு மூடச் சொல்வார்கள். இருந்த தங்கமும் அப்படியே போகும். இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் பாத்திரம் என்று ஊருக்கு ஊர் நடந்த மோசடிகளும் இதே வகைதான். இவர்களிடம் மாட்டுவது பேராசைக்காரர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் பார்த்தவர்கள் எல்லோரும் கடனில் மூச்சு முட்டியவர்கள்.

கனவை நம்பி அரசாங்கமே தோண்டிய கதை உண்டு. உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் தவுண்டியா கேடா என்ற கிராமம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு தூக்கிலிடப்பட்ட ராஜா ராம் பக்ஷ் சிங் தன் கனவில் வந்து, கோட்டைக்கு அடியில் ஆயிரம் டன் தங்கம் இருக்கிறது என்று சொன்னதாகச் சோபன் சர்க்கார் என்ற சாமியார் சொன்னார். 2013 அக்டோபர் 18 அன்று தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. நிலவியல் துறையின் ஆய்வறிக்கையை வைத்துத்தான் தோண்டுகிறோம் என்று அவர்கள் சொன்னாலும், நாடே பேசியது கனவைப் பற்றித்தான். ஏறத்தாழ ஒரு மாதம் தோண்டினார்கள். பானை ஓடு, வளையல் துண்டு, பழைய அடுப்பு கிடைத்தன. தங்கம் கிடைக்கவில்லை.

வீடு கட்டும்போது நிஜமாகவே ஏதாவது கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத் தண்டனைவரை போகலாம்.

என் கனவுக்கு அடியில எந்தக் கவலை இருக்குன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். விழித்தவுடன், போனைத் தொடுவதற்கு முன், நாலு வரி எழுதினால் போதும்: என்ன தொலைந்தது அல்லது கிடைத்தது, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள், எந்த நொடியில் விழித்தீர்கள், விழித்தபோது பயமா, வெட்கமா, கோபமா, துக்கமா. அதன் கீழே, முந்தைய நாள் பணம் சம்பந்தமாக நடந்த ஒரு விஷயத்தை எழுதுங்கள்: ஒரு போன் கால், ஒரு பேச்சு, கட்டாமல் விட்ட ஒரு பில். மூன்று வாரம் இப்படி எழுதிவிட்டு மொத்தமாகப் படியுங்கள். நான் முதலில் பார்ப்பது தேதிகளை. கனவு மாதத்தின் ஒரே வாரத்தில் வந்தால் அந்த வாரத்தில் கட்ட வேண்டியது எது என்று தேடுங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கனவில் வந்தால், அவரிடம் சொல்லாமல் விட்டது என்ன என்று யோசியுங்கள். "தங்கம் கண்டால் இன்ன பலன்" என்ற புத்தகப் பட்டியலில் இதற்கு விடை இருக்காது. ஒரே செயின் கனவு ஒருவருக்கு மாமியார் பயம், இன்னொருவருக்கு இறந்துபோன அம்மாவின் நினைவு.

சிலருடைய நோட்டில் எந்தத் தொடர்பும் தெரியாது. அப்படியானால் வலிந்து அர்த்தம் தேட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

கடனை அடைச்சு நகையைத் திருப்பி ஒரு வருஷம் ஆச்சு. கனவு மட்டும் நிக்கலையே?

சில கனவுகள் காரணம் போன பிறகும் பழக்கமாக நின்றுவிடும். இதற்குக் காட்சி ஒத்திகை என்று ஒரு முறை இருக்கிறது. கெட்ட கனவுகளுக்கு மருத்துவர்களும் பயன்படுத்துவது. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கனவைச் சுருக்கமாக எழுதுங்கள். பிறகு எந்த இடத்தில் வேண்டுமானாலும் உங்கள் விருப்பப்படி மாற்றி, புதிதாக எழுதுங்கள். கிணற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கிறது, இறங்கி எடுத்துக்கொள்கிறேன் என்று மாற்றலாம். அந்த மாற்றிய காட்சியை மட்டும் தினமும் பத்து, இருபது நிமிடம் கண்மூடிப் பாருங்கள். பழையதை ஓட்டிப் பார்க்காதீர்கள். சில வாரங்களில் பலருக்குக் கனவு குறைகிறது. படுக்கப்போகும் நேரத்தில் செய்தால் சிலருக்குப் பதற்றம் கூடுகிறது, அதனால் பகலில் செய்யச் சொல்கிறேன்.

இதையும் கேட்டுக்கொள்கிறேன்: புதிதாக ரத்த அழுத்த மாத்திரையோ மனச்சோர்வு மாத்திரையோ தொடங்கினீர்களா? சில மாத்திரைகள் கனவைக் கூட்டும். தினமும் மது குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினாலும் கனவுகள் பெருகும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

வாரத்தில் பல நாள் கனவால் விழித்து, அது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், தூங்கப் போகவே பயந்தால், பகலில் வேலை ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கடனோடு சேர்த்து "நான் இல்லாமல் போனால் எல்லாம் தீர்ந்துவிடும்" என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. அழைக்கும்போது கனவிலிருந்து தொடங்கினாலும் சரி, கடனிலிருந்து தொடங்கினாலும் சரி. என்னிடம் வருகிறவர்கள் முதலில் கனவைத்தான் சொல்கிறார்கள், அடகுச் சீட்டு பைக்குள் இருந்து வெளியே வர இரண்டாவது, மூன்றாவது சந்திப்பு ஆகிவிடுகிறது.